வளைந்த பே விண்டோவுக்கு சீலிங் டிராக்: அளவு எடுப்பதிலிருந்து திரை தொங்குவது வரை

ஏற்காட்டில் வீடு கட்டுகிறவர்களுக்குப் பள்ளத்தாக்குப் பக்கம் அரைவட்டமாக ஒரு பே விண்டோ வைக்க ஆசை. கண்ணாடி மாட்டி, பெயின்ட் அடித்து, குடிவந்த பிறகுதான் அதற்கு ஸ்கிரீன் எப்படிப் போடுவது என்ற கேள்வி வருகிறது. அதற்குள் கடையில் ரெடிமேட் திரையும் வாங்கியாகியிருக்கும். வேலை தப்புவது பெரும்பாலும் இந்த வரிசையால்தான். முதலில் டிராக், கடைசியில் துணி. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

எடுத்துக்கொள்ளும் கணக்கு இது: ஏற்காட்டில் கான்கிரீட் தளம் போட்ட வீடு. ஹாலின் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வில் போல வளைந்த ஜன்னல். உள்ளே கண்ணாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக 240 செ.மீ., நடுவில் ஆழம் 45 செ.மீ. ஹாலின் சீலிங் அப்படியே ஜன்னல் வளைவுக்குள்ளும் ஒரே மட்டத்தில் போகிறது.

1. ராடா, டிராக்கா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

"ஏனுங்க, ரெண்டு மூணு ராடை எல்போ வெச்சு இணைச்சுட்டா போதாதுங்களா?" என்று அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். மாட்டலாம், தொங்கும். ஆனால் இழுக்க வராது.

ராடுக்கு பிராக்கெட் கீழேயிருந்தோ பின்னாலிருந்தோ பிடிக்கும். திரையின் ஐலெட் வளையம் ராடை முழுதாகச் சுற்றி நிற்கும். அதனால் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் வளையம் முட்டி நின்றுவிடும். நேரான ஜன்னலுக்கு இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பிராக்கெட் இருந்தால் பிரச்சினை இல்லை. வளைவில் ஒவ்வொரு எல்போவுக்குப் பக்கத்திலும் ஒரு பிராக்கெட் தேவைப்படும், இல்லாவிட்டால் இணைப்பு தொய்ந்துவிடும். கடைசியில் திரை மூன்று நான்கு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே ஒதுங்கி, பாதிக் கண்ணாடியை எப்போதும் மறைத்துக்கொண்டிருக்கும். பிராக்கெட்டைத் தாண்டிப் போகிற, ஒரு பக்கம் திறந்த வளையங்கள் உண்டுதான். அவை எல்போவின் கூர்மையான திருப்பத்தில் தடுமாறும்.

டிராக்கில் திரையைத் தாங்கும் ரன்னர் உள்ளே ஓடும், டிராக்கைச் சீலிங்கோடு கிளிப் மேலே பிடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. வளைவில் திரை ஒரே துண்டாக ஓட இதுதான் காரணம்.

மலையில் சீலிங்கோடு ஒட்டி மாட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராடு சுவரில் இருந்தால் அதற்கும் சீலிங்குக்கும் நடுவே இடைவெளி இருக்கும். இரவில் அறையின் சூடான காற்று அந்த இடைவெளி வழியாகத் திரைக்குப் பின்னால் போய், குளிர்ந்த கண்ணாடியில் பட்டு, கீழே இறங்கித் தரையில் சில்லென்று வரும். மேலே அடைத்துவிட்டால் இந்தச் சுற்று வெகுவாகக் குறையும்.

ராடே போதும் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. சேலத்தில் அபார்ட்மென்ட் வீட்டு நேரான ஜன்னல், வாடகை வீடு, அடிக்கடி கழற்றித் துவைக்கிற வீடு. அங்கெல்லாம் டிராக் போடுவது வீண் செலவு.

2. உங்கள் சீலிங் எது?

துளை போடும் இடம் எது என்று தெரியாமல் டிராக் வாங்காதீர்கள்.

கான்கிரீட் தளம்தான் எளிது. ஒரே ஒரு எச்சரிக்கை: அடியில் பூசிய பூச்சு சில இடத்தில் உள்ளே விட்டுப்போயிருக்கும். டிராக் போகும் பாதை முழுக்க ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அந்த இடத்தில் கிளிப் வைக்கக் கூடாது. பூச்சோடு சேர்ந்து வந்துவிடும்.

ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் என்றால், போர்டு அடிப்பதற்கு முன்பே டிராக் பாதையில் பிளைவுட் பட்டை வைக்கச் சொல்ல வேண்டும். வளைவுக்கு ஏற்ப பட்டையை அகலமாக, ஓரடி அகலத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். முன்பே முடிந்த சீலிங் என்றால் வெறும் போர்டில் பட்டர்ஃபிளை பிளக் போட்டுக் கனமான திரையைத் தொங்கவிடாதீர்கள். முதல் மாதம் நிற்கும். குழந்தை ஒரு நாள் திரையைப் பிடித்து ஆடினால் போதும்.

ஏற்காட்டின் பழைய பங்களாக்களில் ஓட்டுக் கூரைக்கு அடியில் பலகை சீலிங் இருக்கும். பலகையில் ஸ்க்ரூ போடுவதில் பயனில்லை, மேலே குறுக்கே ஓடும் சட்டத்தில் போட வேண்டும். சட்டங்களின் இடைவெளி வளைவுக்கு ஒத்துவராவிட்டால், முதலில் சட்டத்தோடு ஒரு தடித்த பிளைவுட் துண்டை வளைவு வடிவில் அறுத்துப் பொருத்திவிட்டு அதன் அடியில் டிராக்கை மாட்டலாம்.

ஜன்னல் வளைவு தொடங்கும் இடத்தில் பீம் இறங்கியிருந்தால், டிராக் பீமுக்கு உள்பக்கமே முடிந்துவிடும். அப்போது கீழே சொல்லப்போகும் 'எதிர்த் திருப்பம்' கிடையாது. திறந்த திரை கண்ணாடி மேலேயே ஒதுங்கி நிற்கும் என்பதை வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

3. வாங்க வேண்டியவை, கடையில் கேட்க வேண்டியவை

வளைக்கக்கூடிய டிராக் இரண்டு வகை. ஒன்று பிவிசி, சுருளாகவே வரும். மெல்லிய வெள்ளைத் துணிக்கு மட்டும் அது போதும். கனமான துணியைத் தொங்கவிட்டால் கிளிப்புக்குக் கிளிப்பு தொய்யும். மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் பிவிசி விறைத்திருக்கும். அப்படியே வளைத்தால் வளைவில் வெளுத்துக் கீறல் விடும். கொஞ்ச நேரம் வெயிலில் காயவைத்தோ, வெந்நீர் ஊற்றியோ மெதுவாக்கிக்கொண்டுதான் வளைக்க வேண்டும்.

மற்றது அலுமினியம். லைனிங் வைத்துத் தைத்த திரைக்கு இதுதான். சாதாரண நேர் டிராக்கும் பார்க்க இதே மாதிரி இருக்கும். கையால் வளைத்தால் ரன்னர் ஓடும் அதன் வாய் மூடிக்கொள்ளும். அதனால் செவ்வாய்ப்பேட்டையிலோ வேறெங்கோ வாங்கும்போது இரண்டு விஷயத்தைத் தெளிவாகக் கேளுங்கள்: இது கையால் வளைக்கிற வகையா? குறைந்தபட்சம் எவ்வளவு ஆரத்துக்கு வளையும்? 'நல்லா வளையுங்க' என்பது பதில் இல்லை. 20 செ.மீ., 30 செ.மீ. என்று ஒரு எண் வர வேண்டும். ரன்னர், கிளிப், ஸ்டாப்பர் மூன்றும் அதே டிராக்குக்கு உரியதாக இருக்கட்டும். வேறு கம்பெனி ரன்னர் நேரில் ஓடும், வளைவில் சிக்கும்.

கருவிகள்: ஹேமர் டிரில், 6 எம்.எம். கான்கிரீட் பிட், அதற்கேற்ற பிளக், ஒன்றரை அங்குல ஸ்க்ரூ, ஹேக்ஸா, சின்ன அரம், தூக்குக்குண்டு, பழுப்புத்தாள், மார்க்கர். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். மலையில் பனிமூட்டம் ஜன்னலுக்குள் வரும், சாதாரண ஸ்க்ரூ துருப்பிடித்து வெள்ளை சீலிங்கில் பழுப்புக் கறை இறங்கும்.

டிராக்கைச் சேலத்திலேயே வளைத்து எடுத்துப்போகலாம் என்று நினைக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவில் வண்டியின் மேலே கட்டிய வளைந்த டிராக் அதே வளைவோடு மேலே போய்ச் சேராது. நேர்க்கம்பியாக, ஒரு ரீப்பர் கட்டையோடு நான்கைந்து இடத்தில் சேர்த்துக் கட்டி எடுத்துப்போய் வீட்டில் வளையுங்கள்.

4. வளைவைத் தாளில் பிடிப்பது

பலரும் டேப்பை நேராகப் பிடித்து 240 என்று எழுதிக்கொள்வார்கள். வளைவின் வழியே அளந்தால் அது இன்னும் நீளம். அதை மட்டும் வைத்து வாங்கினாலும் தப்பு, ஏனென்றால் டிராக் கண்ணாடி ஓரமாகப் போகாது, உள்ளே தள்ளிப் போகும். அதனால் தாள் வைத்துத்தான் வரைய வேண்டும்.

முதலில் ஜன்னல் அடிக்கட்டையின் மேல் தாளை விரித்து, கண்ணாடிச் சட்டத்தின் உள் ஓரத்தை அப்படியே கோடு போட்டு எடுங்கள். சுவர் முடியும் இரண்டு மூலைகளையும் குறியுங்கள். பிறகு சீலிங்கிலிருந்து நான்கைந்து இடத்தில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். மேல் சட்டமும் அடிச் சட்டமும் ஒரே வளைவில் இல்லாத வீடுகள் நிறைய. விலகல் இருந்தால் மேல் சட்டத்தின் அளவுக்கே தாளைத் திருத்துங்கள்.

தாளைத் தரையில் விரித்து, மூலைகளை இணைத்து ஒரு நேர்க்கோடு போடுங்கள். அதுதான் சுவர்க் கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இன்னும் தாள் ஒட்டி நீட்டுங்கள்.

இப்போது டிராக் கண்ணாடியிலிருந்து எவ்வளவு தள்ளி வர வேண்டும்? நம் வீட்டில் ஜன்னல் கைப்பிடி 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. மடித்த திரை டிராக்குக்கு அந்தப்பக்கம் 6 செ.மீ. வரை புடைக்கும். இரண்டையும் கூட்டி, ஒரு செ.மீ. சும்மா விட்டு 12 செ.மீ. வைத்துக்கொள்கிறோம். ஜன்னல் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு அதன் விளிம்புக்கு அப்பால்தான் கோடு.

கண்ணாடிக் கோட்டிலிருந்து 15 செ.மீ.க்கு ஒருதரம் செங்குத்தாக 12 செ.மீ. உள்ளே புள்ளி வையுங்கள். மெல்லிய மர பீடிங் குச்சியை வளைத்துப் புள்ளிகள் மேல் வைத்து, ஒரே சீரான கோடாக வரையுங்கள். கையால் புள்ளிக்குப் புள்ளி இணைத்தால் கோடு நெளியும். அந்த நெளிவு டிராக்கிலும் வரும்.

5. இரண்டு ஓரத்திலும் என்ன செய்வது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆனால் அநேகம் பேர் இதை யோசிப்பதே இல்லை.

டிராக்கை சுவர்க் கோட்டோடு நிறுத்திவிட்டால், அது ஜன்னல் மூலையிலிருந்து சுமார் 19 செ.மீ. உள்ளே தள்ளி முடியும். பக்கவாட்டில் கண்ணாடி தெரியும், காலை வெளிச்சம் நேராக உள்ளே வரும். திறந்த திரையும் ஜன்னலுக்குள்ளேயே குவிந்து நிற்கும்.

அதனால் டிராக்கை வளைவோடு ஹாலுக்குள் சுமார் 5 செ.மீ. வரவிட்டு, அங்கே எதிர்ப்பக்கம் திருப்பி, சுவருக்கு இணையாக நேராகக் கொண்டுபோக வேண்டும். இந்த எதிர்த் திருப்பத்துக்கு 30 செ.மீ. ஆரம் வைத்தால், திரும்பி முடியும்போது டிராக் சுவரிலிருந்து ஏறக்குறைய 12 செ.மீ. தள்ளி நிற்கும். அதற்குமேல் 35 செ.மீ. நேராக. திறந்த திரை இந்த நேர்ப்பகுதியில், வெறும் சுவருக்கு முன்னால் ஒதுங்கிக்கொள்ளும். ஜன்னல் முழுதாகத் தெரியும்.

தாளில் அந்தத் திருப்பத்தையும் வரைந்துவிட்டு, ஒரு நூலைக் கோட்டின் மேல் வைத்து நீளத்தை அளந்தால் நமக்கு வருவது இது: நடு வளைவு 232, எதிர்த் திருப்பம் பக்கத்துக்கு 20 வீதம் 40 சொச்சம், நேர்ப்பகுதி பக்கத்துக்கு 35 வீதம் 70. மொத்தம் 343 செ.மீ. 12 அடி டிராக் என்றால் 365 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். பக்கத்துக்கு 11 செ.மீ. மிச்சம். அது வீண் இல்லை, வளைக்கப் பிடிமானம் வேண்டும்.

வளைவின் ஆரம் டிராக்குக்கு ஒத்துவருமா என்று சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. முனைக்கு முனை அளவில் பாதியை அதாலேயே பெருக்கி, ஆழத்தின் இருமடங்கால் வகுத்து, ஆழத்தில் பாதியைக் கூட்டுங்கள். 120 × 120 = 14,400. அதை 90-ஆல் வகுத்தால் 160. கூட 22.5. ஆக 182.5 செ.மீ. டிராக் 12 உள்ளே என்பதால் 170.5. இது மிக மெல்லிய வளைவு, கையால் வளைக்கிற வகை அலுமினிய டிராக் எதுவும் வளையும். சோதனை எதிர்த் திருப்பத்தின் 30 செ.மீ.தான். கடைக்காரர் சொன்ன எண் 30-க்கு மேல் இருந்தால் அந்த டிராக்கை வாங்காதீர்கள்.

வளைவாக இல்லாமல், மூன்று நேர்க் கண்ணாடிகள் 135 டிகிரியில் சேரும் பே விண்டோவும் உண்டு. அங்கே டிராக் மூலையைக் கூராகத் தொடாது. 25 செ.மீ. ஆரத்தில் வளைத்தால், மூலைக்குச் சுமார் 10 செ.மீ. முன்பே வளைவு தொடங்கி, 10 செ.மீ. பின்னால் முடியும். மூலையில் 2 செ.மீ. உள்ளே தள்ளி நிற்கும். வளைவை மூலைக் குறியில் தொடங்குகிறவர்கள்தான் 'அளவு சரியா எடுத்தேன், ஆனா உட்காரலையே' என்பார்கள்.

6. வளைப்பது

அறுக்காதீர்கள். முழு 12 அடியையும் வைத்து வளைத்துவிட்டு, கடைசியில்தான் இரண்டு முனையையும் அறுக்க வேண்டும். முனையில் கடைசி 10 செ.மீ. கையால் வளையாது, அதற்காகத்தான்.

தாளைத் தரையில் சமதளமாக ஒட்டுங்கள். டிராக்கின் வாய் தரையைப் பார்க்கும்படி அதன் மேல் வையுங்கள், சீலிங்கில் மாட்டும்போதும் வாய் கீழேதான் இருக்கும். டிராக்கின் நடுவையும் தாளின் நடுவையும் குறித்து ஒன்றாக வையுங்கள்.

நடுவிலிருந்து தொடங்கி, ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று முனைகளை நோக்கிப் போங்கள். முழங்காலை உள்பக்கம் வைத்து, இரண்டு கையையும் ஓரடி அகலத்தில் பிடித்து மெதுவாக அழுத்தி, ஒரு சாண் நகர்ந்து மறுபடி அழுத்துங்கள். ஒரே இடத்தில் வலுவாக அழுத்தினால் அங்கே கூனல் விழும். கையை எடுத்ததும் டிராக் கொஞ்சம் நிமிரும். அதனால் கோட்டைவிட ஒரு நூல் கூடுதலாக வளைத்துவிட வேண்டும்.

ஆனால் கூடுதலாகப் போனதை நிமிர்த்தி, மறுபடி வளைத்து, மறுபடி நிமிர்த்தினால் அலுமினியம் அந்த இடத்தில் இறுகிச் சுருக்கம் விழும். அதனால் கம்மியாக வளைத்துச் சேர்த்துக்கொண்டே போவது நல்லது. சூடு காட்டவே கூடாது. பெயின்ட் கருகும், சீராகவும் வளையாது.

நடு வளைவு தாளோடு ஒத்துப்போன பிறகே எதிர்த் திருப்பம் தொடங்கும் இடத்தைத் தாளிலிருந்து டிராக்கில் குறியுங்கள். முன்கூட்டியே டேப் வைத்துக் குறித்தால், நடு வளைவில் வந்த சின்ன வித்தியாசம் எல்லாம் சேர்ந்து திருப்பம் இடம் மாறிவிடும். இந்தத் திருப்பத்துக்கு முழங்கால் சரிப்படாது. 30 செ.மீ. ஆரத்துக்கு ஏற்ற உருண்டையான எதையாவது வைத்து அணைத்து வளையுங்கள். சுமார் 58 செ.மீ. விட்டமுள்ள 200 லிட்டர் டிரம் கிட்டத்தட்ட அந்த அளவுதான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒன்று நிச்சயம் கிடக்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு சோதனை. டிராக் முழுவதும் தரையில் படிகிறதா? ஒரு முனை தூக்கி நின்றால் முறுக்கு விழுந்திருக்கிறது என்று பொருள். தூக்கிய முனையை ஒருவர் மிதிக்க, மற்றவர் பிடித்து எதிர்ப்பக்கம் லேசாக முறுக்கினால் சரியாகும். அடுத்து, ஒரே ஒரு ரன்னரை உள்ளே விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். சிக்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அங்கே வாயைத் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் மிக லேசாக விரியுங்கள். இந்தச் சோதனையைச் சீலிங்கில் மாட்டிய பிறகு செய்வது ஏணி மேல் நின்று அழுவதற்குச் சமம்.

எல்லாம் சரியென்றால் இரண்டு முனையையும் ஹேக்ஸாவால் அறுத்து, உள் விளிம்பை அரத்தால் தேய்த்து, உள்ளே விழுந்த தூளைத் தட்டி எடுங்கள். அந்தத் தூள்தான் பிறகு ரன்னரைக் கீறும்.

7. கோட்டைச் சீலிங்குக்கு ஏற்றுவது

தாளைக் கோட்டின் வழியே கத்தரித்து, சீலிங்கில் டேப் போட்டு ஒட்டி, விளிம்பை ஒட்டிப் பென்சிலால் வரைய வேண்டும். ஒட்டும்போது கோடு வரைந்த முகம் சீலிங்கைப் பார்க்க வேண்டும். கீழே வரைந்த தாளைத் திருப்பாமல் அப்படியே மேலே தூக்கியது போல. கோடு கண்ணுக்குத் தெரியட்டும் என்று தாளைத் திருப்பி ஒட்டினால் இடது வலதாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ஜன்னலில் இது தெரியாது. ஆனால் கையால் கட்டிய வளைவில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம்.

ஒட்டியதும் நடுவிலும் இரண்டு மூலையிலும் தூக்குக்குண்டு விட்டு, கண்ணாடியிலிருந்து 12 செ.மீ. வருகிறதா என்று பாருங்கள்.

8. கிளிப் வைப்பது

நேர்ப்பகுதியில் முனையிலிருந்து 10 செ.மீ. உள்ளே ஒன்று. எதிர்த் திருப்பம் தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. திருப்பத்தில்தான் திரை இழுக்கும்போது டிராக் பக்கவாட்டில் அசைய முயலும், அதனால் அங்கே இரண்டு. நடு வளைவில் 33 செ.மீ.க்கு ஒன்று வீதம் ஆறு. நம் வீட்டுக்கு மொத்தம் 12 கிளிப்.

துளை போடுமுன் அந்தப் பக்க லைட், ஃபேன் சுவிட்ச் மட்டுமல்ல, போர்டில் எம்.சி.பி.யையே இறக்கிவிடுங்கள். தளத்துக்குள் வயர் போகும் பைப், லைட் பாயின்ட்டிலிருந்து சுவருக்கு ஏறக்குறைய நேராக ஓடியிருக்கும். ஜன்னல் நடுவில் சீலிங் லைட் இருந்தால் அந்தப் பாதையைக் கற்பனை செய்து தவிருங்கள். டிரில்லுக்குக் கரன்ட் வேறு அறையிலிருந்து, வேறு லைனிலிருந்து எடுங்கள்.

பிட்டில் 4 செ.மீ. தூரத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பிளக் பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஆழம். பாதியில் பிட் இறங்காமல் நின்று சத்தம் மாறினால் கம்பியில் முட்டியிருக்கிறது. அழுத்திப் பயனில்லை. கோட்டின் மேலேயே 3 செ.மீ. நகர்ந்து போடுங்கள். கோட்டைவிட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தால் அந்த இடத்தில் டிராக் இழுபட்டு வளைவு கெடும்.

நடுவில் இருக்கும் கிளிப்பில் முதலில் டிராக்கை மாட்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் வாருங்கள். முனையிலிருந்து தொடங்கினால் சின்னச் சின்ன விலகல் எல்லாம் மறுமுனையில் சேர்ந்து, கடைசிக் கிளிப்பில் டிராக் உட்காரவே உட்காராது. இதற்கு இரண்டு பேர், இரண்டு ஏணி வேண்டும். ஒருவரே பிடித்துக்கொண்டு மாட்டினால் தொங்கும் பாதி தன் கனத்தில் வளைந்துவிடும்.

9. துணி இப்போதுதான்

டிராக் மாட்டியாயிற்று. இனிமேல்தான் அளவெடுத்துத் துணி வாங்க வேண்டும்.

அகலம் டிராக் நீளத்தின் இருமடங்கு. 343-க்கு 686 செ.மீ. துணி 48 அங்குலம், அதாவது சுமார் 122 செ.மீ. பன்னா என்றால் ஆறு துண்டு, பக்கத்துக்கு மூன்று. 732 வரும், ஓர மடிப்பும் தையலும் போக ஏறக்குறைய இருமடங்கு நிற்கும். ஐந்து துண்டில் முடிக்கச் சொல்வார்கள். மூடும்போது வளைவில் துணி விறைப்பாக நின்று மடிப்பே இருக்காது.

ரன்னர் 8 செ.மீ.க்கு ஒன்று. பக்கத்துக்கு 22, மொத்தம் 44. ஐந்தாறு கூடுதலாக வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்பரைப் போடுமுன் எண்ணிப் பார்த்து உள்ளே விடுங்கள்.

உயரத்தை ரன்னரின் கீழ்த் துவாரத்திலிருந்து தரை வரை, ஐந்து இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததில் ஒன்றரை செ.மீ. கழியுங்கள். ஒரே இடத்தில் அளந்தால் தரை மேடாக இருக்கும் பக்கம் துணி புரளும். மலை வீட்டில் தரையைத் தொடும் துணி ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும்.

டெய்லரிடம் சொல்ல வேண்டியது: ஐலெட் வேண்டாம், மேலே கர்ட்டன் டேப் வைத்துத் தைக்க வேண்டும், ஹூக் டேப்பின் மேல் வரிசையில் வர வேண்டும். கீழ் வரிசையில் ஹூக் போட்டால் துணியின் தலை ஹூக்குக்கு மேலே எழுந்து, சீலிங்கில் உரசி, இழுக்கும்போதெல்லாம் கரகரக்கும். சுவர் ராடுக்குத் தைத்துப் பழகிய டெய்லர்கள் இதைக் கேட்டுக்கொண்டு, பழைய பழக்கத்திலேயே தைத்துவிடுவார்கள். ஒரு பக்கத்தை முதலில் தைக்கச் சொல்லி, மாட்டிப் பார்த்துவிட்டு மற்றதை விடுங்கள்.

ஏற்கனவே ஐலெட் திரை வாங்கிவிட்டீர்களா? வளையம் உள்ள பட்டையை வெட்டிவிட்டு டேப் வைக்கலாம். உயரம் ஒரு சாணுக்குக் குறைவாகக் குறையும். கீழ் மடிப்பு பெரிதாக விட்டிருந்தால் அதை அவிழ்த்து ஈடுகட்டலாம், இல்லாவிட்டால் அந்தத் திரையைப் படுக்கையறை ராடுக்கு அனுப்பிவிடுங்கள்.

10. மாட்டியபின் சரிபார்ப்பது

திரையைக் கீழே பிடித்து இழுத்தால் அது வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரப் பார்க்கும். ரன்னர் ஒருசாய்வாகி, எதிர்த் திருப்பத்தில் நிற்கும். அதற்கு நடுவில் சேரும் ஓரத்தின் முதல் ரன்னரில் ஒரு இழுகோல் மாட்டி, அதைப் பிடித்து டிராக் போகும் பாதையிலேயே நடந்து இழுக்கப் பழக்குங்கள். கயிறு இழுத்துத் திறக்கும் அமைப்பைக் கையால் வளைத்த டிராக்கில் போடாதீர்கள், உள்ளே ஓடும் கயிறு வளைவில் உராயும்.

சிக்கல் எங்கே என்று இடத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் டிராக்கின் வாய் அங்கே நெருங்கியிருக்கிறது. நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு ரன்னர் உடைந்திருக்கிறது. எல்லா இடத்திலும் கனமாக இருந்தால் தூசி. ஒரு துணியில் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து வாயின் உள்பக்கம் துடையுங்கள். தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ விட்டால் முதல் வாரம் வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பசையாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி ஈரத்தை வாங்கிக் கனக்கும், சில துணி நீளவும் செய்யும். அந்த மழைக்காலம் ஒன்று கழிந்த பிறகு கிளிப்புகளைக் கையால் அசைத்துப் பார்த்து, தளர்ந்த ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, கீழ் ஓரத்தின் கடைசித் தையலை அப்போது போடச் சொல்லுங்கள். அதுவரை அது ஊசி குத்தியே நிற்கட்டும்.